"தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்பதை எடுத்துவிட்டால் அங்கே என்ன எழுதுவது?

எழில்நிலா (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே. முன்பு வேலை பார்த்த நிறுவனத்திலிருந்து அனுபவச் சான்றிதழ் இன்னும் வரவில்லை. மார்ச் 31 அன்று விலகினேன். புதிய இடத்தில் ஜூன் 14 அன்று அதைக் காட்டியாக வேண்டும். பணியாளர் பிரிவுக்கு அனுப்ப இப்படி எழுதி வைத்திருக்கிறேன்:

"மதிப்பிற்குரிய ஐயா, தங்களின் பொன்னான நேரத்தை எடுத்துக்கொள்வதற்கு முதற்கண் மன்னிப்புக் கோருகிறேன். நான் தங்கள் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணிபுரிந்து விலகியவன் என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன். எனது அனுபவச் சான்றிதழ் இதுநாள்வரை கிடைக்கப்பெறவில்லை. ஆகவே தாங்கள் கருணைகூர்ந்து ஆவன செய்யுமாறு மிகவும் பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்."

நண்பன் படித்துவிட்டு, "கடன் கேட்கிற மாதிரி இருக்கு" என்றான். சரி என்று அந்தச் சொற்களையெல்லாம் எடுத்துப் பார்த்தேன். இப்போது "சான்றிதழை அனுப்பவும்" என்று மொட்டையாக நிற்கிறது, அதட்டுவது போல. இரண்டுக்கும் நடுவில் ஒன்று வேண்டும். மரியாதை குறையக்கூடாது, கெஞ்சலும் வேண்டாம். எப்படி எழுதுவீர்கள்?

---

தீப்பொறி

இதுக்கு ஏன் இவ்வளவு யோசனை? சான்றிதழ் உங்க உரிமை. "கேட்டுக்கொள்கிறேன்"னு எழுதுறதே தப்பு, "கோருகிறேன்"னு எழுதுங்க. "எனது அனுபவச் சான்றிதழை உடனடியாக வழங்குமாறு கோருகிறேன்." முடிஞ்சுது. ஐயா, கருணை, பொன்னான நேரம் எல்லாத்தையும் தூக்கிப் போடுங்க. குனியக் குனியத்தான் குட்டுவாங்க.

---

பழையபேனா

தீப்பொறி சொல்வதில் பாதி சரி. சான்றிதழ் உரிமைதான், "கோருகிறேன்" என்பதும் மரியாதைக் குறைவான சொல் இல்லை, மனுக்களில் தினமும் புழங்குவதுதான். ஆனால் அதோடு "உடனடியாக" சேர்ந்ததும் குரல் மாறிவிடுகிறது. முதல் கடிதத்திலேயே சண்டைக்குத் தயாராக வந்தவர் போலத் தெரியும். எழில்நிலாவுக்கு இப்போது யாரோடும் சண்டை இல்லை, தாள் ஒன்று வரவேண்டும், அவ்வளவுதான்.

நான் பல வருடம் பணியாளர் பிரிவில் இருந்தவன், இப்படிப்பட்ட கடிதங்களை வாங்கிப் பிரிப்பதுதான் வேலை. வாங்குகிறவர் பக்கம் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். கடிதத்தைத் திறந்ததும் கண் தேடுவது மூன்றே விஷயம்: யார், என்ன வேண்டும், எப்போதைக்குள். உங்கள் வரைவில் முதல் வாக்கியம் முழுக்க மன்னிப்பு. இரண்டாவதில் யார் என்பது பாதி தெரிகிறது, பெயரோ பணியாளர் எண்ணோ இல்லை. என்ன வேண்டும் என்பது மூன்றாவது வாக்கியத்தில், அதுவும் "கிடைக்கப்பெறவில்லை" என்று வருத்தமாக. எப்போதைக்குள் என்பது எங்குமே இல்லை. நீங்கள் குனிந்தது எனக்குத் தொந்தரவாகவே இருந்திருக்காது. தேதியைத் தேடித்தான் அலைந்திருப்பேன். தேதி இல்லாத கடிதம் "அப்புறம் பார்க்கலாம்" கட்டில் போய்விடும்.

அடுத்தது "ஆவன செய்யுமாறு". வரைவிலேயே பெரிய ஓட்டை இதுதான், பணிவுச் சொற்களைவிடப் பெரியது. ஆவன என்றால் எதை? தேடிப் பார்க்கவா, கையெழுத்து வாங்கவா, தபாலில் அனுப்பவா, மின்னஞ்சலில் போதுமா? அதை முடிவுசெய்யும் வேலையை எதிர்ப்பக்கத்திடம் விட்டுவிடுகிறோம். பணிவாகத் தோன்றும், ஆனால் படிப்பவருக்கு வேலை கூடுகிறது. அந்த இடத்தில் சரியான வினை ஒன்றைப் போட்டாலே கடிதம் நிமிர்ந்துவிடும்.

---

எழில்நிலா

சரி ஐயா, "அனுப்பவும்" என்று வினை போட்டேனே, அதுதான் அதட்டலாக இருக்கிறது என்கிறேன்.

---

பழையபேனா

அதற்குக் காரணம் பணிவுச் சொல் போனது இல்லை, "-வும்" என்ற முடிவு. "வரிசையில் நிற்கவும்", "கதவை மூடவும்" என்று அறிவிப்புப் பலகை பேசுகிற குரல் அது. மேலிடத்திலிருந்து கீழே வரும் சுற்றறிக்கையிலும் அதுதான். தனி ஆளிடம் கேட்கும்போது அதைத் தவிர்த்துவிடுங்கள்.

தமிழில் மரியாதை பெரும்பாலும் வினையின் வாலிலேயே உட்கார்ந்திருக்கிறது. "அனுப்புங்கள்" என்றாலே மரியாதைதான், சம நிலையில் இருப்பவருக்குத் தாராளமாகப் போதும். "அனுப்பித் தாருங்கள்" என்றால் இது எனக்காகச் செய்யும் உதவி என்ற சாயல் சேர்கிறது, ஒரு படி மென்மை. "அனுப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்பது அலுவல் கடிதத்துக்குப் பொருந்தும் முழு மரியாதை. இதற்கு மேல் "தாழ்மையுடன்", "பணிவன்புடன்", "மிகவும்" எல்லாம் மரியாதையைக் கூட்டுவதில்லை, உங்கள் உயரத்தைத்தான் குறைக்கின்றன. ஆக, "தாழ்மையுடன்" போன இடத்தில் இன்னொரு சொல் தேட வேண்டியதில்லை. வினையைச் சரியாக முடித்தால் இடம் தானாக நிரம்பும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். "விலகியவன் என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்." நடந்த விஷயத்தைச் சொல்ல எதற்குத் தாழ்மை? "மார்ச் 31 அன்று விலகினேன்." அவ்வளவுதான். தகவலுக்குப் பணிவு போர்த்தினால், அந்தத் தகவலிலேயே ஏதோ சிக்கல் இருக்கிறதோ என்று படிப்பவருக்குத் தோன்றும்.

நானாக இருந்தால்:

"பொருள்: அனுபவச் சான்றிதழ், ஜூன் 10-க்குள் தேவை. பணியாளர் எண்: (உங்கள் எண்)

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

என் அனுபவச் சான்றிதழை ஜூன் 10-க்குள் மின்னஞ்சலில் அனுப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். கணக்குப் பிரிவில் பணியாற்றி மார்ச் 31 அன்று விலகினேன். அடையாள அட்டையையும் மடிக்கணினியையும் அன்றே ஒப்படைத்தேன், ரசீது இணைப்பில் உள்ளது. புதிய பணியிடத்தில் ஜூன் 14 அன்று சான்றிதழைக் காட்ட வேண்டியுள்ளது. என் தரப்பில் படிவம் ஏதேனும் பாக்கி இருந்தால் தெரிவியுங்கள், அன்றே அனுப்பிவிடுகிறேன்.

நன்றி."

காட்ட வேண்டிய நாள் 14, கேட்கும் நாள் 10. நடுவில் நாலு நாள் உங்களுக்காக. சான்றிதழில் பெயர் தப்பாக வந்தால் திருத்தி வாங்கலாம். கடைசி வாக்கியத்தையும் பாருங்கள். "என் பக்கம் குறை இருந்தால் சொல்லுங்கள், நான் முடிக்கிறேன்" என்பதும் பணிவுதான், ஆனால் எதிர்ப்பக்கத்துக்கு உபயோகமாகும் பணிவு.

---

மல்லிகைப்பந்தல்

பழையபேனா ஐயா, ரொம்ப நன்றி. "பணிவண்புடன்"னு மூணு சுழி போட்டு எழுதறாங்களே, அது தப்புதானே? பணிவு, அன்பு ரெண்டும் சேர்ந்து பணிவன்புடன், ரெண்டு சுழி. இதைப் பத்தித் தனியா ஒரு இழை தொடங்கலாமா?

---

தீப்பொறி

அக்கா, அந்தச் சொல்லையே வேண்டாம்னு பேசிட்டிருக்கோம். நீங்க அதுக்குச் சுழி எண்ணுறீங்க :)

---

காவிரிக்கரை

இதில் என் கதையும் இருக்கிறது. முதுகலை முடித்து இரண்டு வருடமாகிறது. மேல்படிப்புக்கு என் பேராசிரியையிடம் பரிந்துரைக் கடிதம் கேட்க வேண்டும். தீப்பொறி சொன்னபடி "பரிந்துரைக் கடிதம் வழங்குமாறு கோருகிறேன்" என்று எழுதிப் பார்த்தேன். அம்மா பக்கத்திலிருந்து, "அவங்க என்ன உனக்குக் கடன்பட்டிருக்காங்களா?" என்று கேட்டுவிட்டார். பழையபேனா பாணியில் "ஜூலை 1-க்குள் அனுப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்றாலும் ஏனோ உறுத்துகிறது. இங்கேயாவது "தாழ்மையுடன்" போடலாமா?

---

பழையபேனா

உங்கள் அம்மா சரியான இடத்தைத் தொட்டுவிட்டார். எழில்நிலா கேட்பது தர வேண்டிய ஒன்று. நீங்கள் கேட்பது மறுக்க முழு உரிமை உள்ளவரிடம் உதவி. அந்த உரிமையை வாக்கியம் காட்ட வேண்டும். அதனால்தான் உறுத்துகிறது, "தாழ்மையுடன்" இல்லாததால் இல்லை.

உதவி கேட்கும்போது கேள்வியாகக் கேளுங்கள். "எனக்காகப் பரிந்துரைக் கடிதம் எழுதித் தர இயலுமா?" இல்லை என்று சொல்ல இதில் வாசல் இருக்கிறது, குனிவு இல்லை. தொடர்ந்து, அவர் வேலையைக் குறைக்கும் விவரம்: அவரிடம் எந்தப் பாடம் படித்தீர்கள், எந்த ஆய்வேட்டை அவர் வழிநடத்தினார், எந்தப் படிப்புக்கு விண்ணப்பிக்கிறீர்கள், கடைசி நாள் எது. முடிவில் "இப்போது நேரம் இல்லையென்றால் சொல்லுங்கள், நான் புரிந்துகொள்வேன்" என்று ஒரு வரி. இரண்டு வருடம் கழித்து எழுதுகிறீர்கள், உங்கள் முகம் அவருக்கு நினைவில்லாமல் போயிருக்கலாம். முதல் வாக்கியத்தில் ஆண்டும் வகுப்பும் வந்துவிடட்டும்.

அதே கேள்வி வடிவத்தை எழில்நிலா போட்டால் தளர்ந்துவிடும். "என் சான்றிதழை அனுப்ப இயலுமா?" என்று கேட்டால் "இப்போது இயலாது" என்று ஒரு வரிப் பதில் வரலாம், கேட்டது நீங்கள்தானே.

---

மேசைவிளக்கு

எல்லாம் சரி, நடைமுறை வேறு. எனக்கு முப்பது வருட அனுபவம். சில மேலதிகாரிகளிடம் "தாழ்மையுடன்" இல்லாத மனு கிணற்றில் போட்ட கல்தான். ஒருவர் "என்ன, நேரா கேக்குறான், நமக்கே உத்தரவு போடுறானா?" என்று என் எதிரிலேயே சொன்னார். எழுதியவர் தவறாக ஒன்றும் எழுதவில்லை, "கேட்டுக்கொள்கிறேன்" என்றுதான் இருந்தது. கோப்பு நகர வேண்டுமென்றால் ஒரு சொல் கூடுதலாகப் போடுவதில் என்ன குறைந்துவிடும்? காரியம் பெரிதா, வீரியம் பெரிதா?

---

பழையபேனா

அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆள் யார் என்று தெரிந்து, அவருக்கு அந்தச் சொல் வேண்டுமென்றும் தெரிந்தால் ஒரே ஒரு முறை போடுங்கள், கடைசி வாக்கியத்தில். "பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்." தொடக்கத்தில் வேண்டாம். கைபேசியில் மின்னஞ்சல் பட்டியலைப் பார்க்கும்போது பொருள் வரியும் முதல் சில சொற்களும்தான் தெரியும். அந்த இடத்தை "தங்களின் பொன்னான நேரத்தை" என்பதற்குக் கொடுத்துவிட்டால் என்ன வேண்டும் என்பது திறந்தால்தான் தெரியும். பல பேர் திறக்கவே மாட்டார்கள்.

ஆனால் யாரென்றே தெரியாத பணியாளர் பிரிவுக்கு முன்கூட்டியே குனிவதில் எனக்கு உடன்பாடில்லை.

---

வானம்பாடி_72

மேசைவிளக்கு ஐயா சொன்னதில் ஒரு பகுதியை யாரும் பேசவில்லை. அதே வாக்கியத்தை யார் எழுதுகிறார் என்பதைப் பொறுத்து அது வேறாகக் கேட்கிறது. என்னோடு வேலை செய்யும் ஆண் "வியாழனுக்குள் அறிக்கையை அனுப்புங்கள்" என்று எழுதினால் தெளிவாக எழுதுகிறார் என்பார்கள். நான் எழுதினால் "மேடம் இன்னிக்கு என்ன கோபமா இருக்காங்க?" என்று கேட்கிறார்கள். ஒரே வாக்கியம், ஒரே குழு. நான் "தயவுசெய்து", "முடிந்தால்" எல்லாம் சேர்ப்பது பயத்தால் இல்லை. சேர்க்காவிட்டால் அந்த "கோபமா?" பேச்சுக்கு அரை மணி நேரம் செலவாகிறது.

---

தீப்பொறி

அதுக்காக நீங்க ஏன் மாறணும், அவங்கல்ல மாறணும்?

---

வானம்பாடி_72

மாறட்டும். அதுவரை வியாழக்கிழமை அறிக்கை வேண்டுமே.

---

பழையபேனா

வானம்பாடி சொல்வதற்கு என்னிடம் முழு விடை இல்லை. சொல்லக்கூடியது ஒன்றுதான்: மென்மை வேண்டுமென்றால் "முடிந்தால்" என்ற சொல்லைத் தவிர்க்கலாம், அது தேதியையே கரைத்துவிடும். காரணத்தைச் சேர்த்துப் பாருங்கள். "வெள்ளி காலை கூட்டத்தில் இதை வைத்துப் பேச வேண்டும், வியாழன் மாலைக்குள் அறிக்கையை அனுப்பித் தாருங்கள்." காரணம் முன்னால் வந்தால் கட்டளைத் தொனி குறையும், தேதி இளகாது. எல்லா இடத்திலும் எடுபடும் என்று உறுதி கூற மாட்டேன்.

---

கணக்குப்பிள்ளை

எங்க ஆபீஸ்ல எல்லாமே இங்கிலீஷ்தான் சார். "ஐ ஹம்ப்ளி ரிக்வெஸ்ட் யூ டு கைண்ட்லி டூ த நீட்ஃபுல்"னு எழுதியே பழகிட்டோம். வெளிநாட்டு கிளையன்ட் ஒருத்தர் "நீட்ஃபுல்னா என்ன செய்யணும்?"னு திருப்பிக் கேட்டுட்டார். அங்க என்ன போடறது?

---

வானம்பாடி_72

இதற்கு நான் சொல்கிறேன், தினமும் இதுதான் என் வேலை. "ஹம்ப்ளி" வேண்டவே வேண்டாம். "கைண்ட்லி" நமக்குப் பணிவாகப் படும், ஆனால் வெளியே பல பேருக்கு அது எரிச்சலை அடக்கிக்கொண்டு பேசுவது போலக் கேட்கும். "குட் யூ ப்ளீஸ் சென்ட் த இன்வாய்ஸ் பை ஃப்ரைடே?" என்றால் போதும், மரியாதைக்கு அந்த ஒரு "ப்ளீஸ்" தாங்கும். கொஞ்சம் முறையாக வேண்டுமென்றால் "ஐ யாம் ரைட்டிங் டு ரிக்வெஸ்ட்" என்று தொடங்கி, அடுத்த சொல்லாக எது வேண்டுமோ அதைப் போடுங்கள். "நீட்ஃபுல்" என்பது நம்ம "ஆவன" தான். அது இருந்த இடத்தில் சென்ட், அப்ரூவ், சைன் என்று நேரான வினை வரட்டும்.

---

மேசைவிளக்கு

நம்மீதே தவறு இருந்தால்? என் உறவுக்காரப் பையன் உதவித்தொகை விண்ணப்பத்தைக் கடைசி நாள் தாண்டி அனுப்பிவிட்டான். அங்கேயும் நிமிர்ந்து நின்றுதான் எழுத வேண்டுமா?

---

பழையபேனா

அங்கே பணிவு வேண்டும். ஆனால் தவறை மறைக்காமல் சொல்வதில் அது தெரிந்துவிடும், "தாழ்மையுடன்" என்ற சொல் தேவைப்படாது. "விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் மே 5. நான் மே 9 அன்றுதான் அனுப்பினேன், தாமதம் என்னுடையது. விதிகளில் இடமிருந்தால் என் விண்ணப்பத்தையும் பரிசீலிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்." காரணம் உண்மையாக இருந்தால் ஒரே வரியில், சான்று இருந்தால் இணைப்பில். "ஏழை மாணவன், என் எதிர்காலமே தங்கள் கையில்" என்பதெல்லாம் படிப்பவரைச் சங்கடப்படுத்தும். அவரிடம் இருப்பது விதி மட்டும்தான். அதை எந்த இடத்தில் தளர்த்தலாம் என்று அவருக்கு வழி காட்டுங்கள்.

நீதிமன்ற மனுக்களைப் பற்றிக் கேட்பீர்கள் என்றால், அங்கே "பணிந்து வேண்டுகிறேன்" போன்ற வாசகங்கள் வழக்கமாக வரும் மரபு. வக்கீல் எழுதியதை அப்படியே விட்டுவிடுங்கள், அதில் கை வைக்காதீர்கள்.

---

எழில்நிலா

பழையபேனா ஐயா எழுதியதை எடுத்துக்கொண்டு நேற்று அனுப்பிவிட்டேன். இரண்டு மாற்றம் செய்தேன். படிப்பவர் ஆணா பெண்ணா தெரியாததால் "ஐயா" என்பதை "ஐயா / அம்மையீர்" ஆக்கினேன். "நன்றி"க்குக் கீழே "பணிவன்புடன்" என்று போட்டுக் கையெழுத்திட்டேன். தீப்பொறி திட்டலாம், ஆனால் அது இல்லாமல் எனக்குக் கடிதம் முடிந்த மாதிரியே இல்லை.

இன்னும் பதில் இல்லை. 10-ஆம் தேதி வரை வராவிட்டால் அடுத்த கடிதம் எப்படி? "மீண்டும் தொந்தரவு செய்வதற்கு மன்னிக்கவும்" என்றுதான் கை போகிறது.

---

தீப்பொறி

திட்டல. கையெழுத்துக்கு மேல வர்றது ஊறுகாய் மாதிரி, தொட்டுக்கிறவங்க தொட்டுக்கட்டும். ஆனா ரெண்டாவது கடிதத்துல மன்னிப்பு கேட்டீங்கன்னா நான் இந்த இழையை விட்டே போயிடுவேன்.

---

பழையபேனா

10 வரை காத்திருக்க வேண்டாம். 7-ஆம் தேதியே எழுதுங்கள். பழைய மின்னஞ்சலுக்குப் பதிலாகவே அனுப்புங்கள், முதல் கடிதம் கீழேயே இருக்கும், தேடும் வேலை மிச்சம்.

"நான் ஜூன் 2 அன்று அனுப்பிய கீழுள்ள கடிதத்துக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. சான்றிதழ் ஜூன் 10-க்குள் கிடைக்குமா என்பதை நாளை மாலைக்குள் தெரிவியுங்கள். வேறு யாரையேனும் அணுக வேண்டுமென்றால் அவர் பெயரைச் சொல்லுங்கள், அவருக்கே எழுதுகிறேன்."

தேதியை நீங்கள் அனுப்பிய நாளுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். "பலமுறை எழுதியும்" வேண்டாம், நீங்கள் எழுதியது ஒரு முறைதான். மன்னிப்பும் வேண்டாம், பதில் சொல்லாதது அவர்கள். மூன்றாவது வாக்கியம் முக்கியம். பெரும்பாலும் கடிதம் தவறான மேசையில்தான் கிடக்கும், அங்கிருப்பவருக்குச் சரியான மேசையைக் காட்டிவிட்டு விலகிக்கொள்ள அது வசதி. தொலைபேசியில் பேசினாலும் அதே வரிசை: "வணக்கம், கணக்குப் பிரிவில் இருந்தேன், அனுபவச் சான்றிதழ் விஷயமா ரெண்டு நிமிஷம் பேசலாமா?"

---

காவிரிக்கரை

பேராசிரியை அன்றிரவே பதில் போட்டார், எழுதித் தருகிறாராம். ஆனால் கூடவே ஒரு வரி: "இப்போதெல்லாம் கடிதம் எழுதவும் தெரிந்துகொண்டாயே!" இது பாராட்டா, குத்தலா என்று வீட்டில் ஒரே விவாதம். அம்மா குத்தல் என்கிறார்.

---

மேசைவிளக்கு

அம்மா சொல்வதுதான் சரியாக இருக்கும்.

---

வானம்பாடி_72

பாராட்டுதான். குத்த நினைப்பவர் அன்றிரவே பதில் எழுத மாட்டார்.